ஐந்தில் ஒரு பங்குக்கு என்ன விலை?

கணக்குப்பதிவியல் படித்தவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். இரண்டு பேர் 3:2 என்ற விகிதத்தில் லாபத்தைப் பிரித்துக்கொண்டு ஒரு கடை நடத்துகிறார்கள். மூன்றாவதாக ஒருவர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சேர்கிறார். நிறுவனத்தின் நற்பெயர் இவ்வளவு என்று கேள்வித்தாளே சொல்லிவிடும். புதியவர் தன் பங்குக்கான நற்பெயர்த் தொகையைக் கொண்டுவருவார், பழையவர்கள் இருவரும் அதைப் பிரித்துக்கொள்வார்கள், நான்கு பதிவுகளில் வேலை முடிந்துவிடும். விடை சரியாக வந்துவிடும் என்பதால், அந்த நான்கு பதிவுகளும் எந்தக் கேள்விக்கான விடை என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் கூட்டாண்மையின் அடிப்படைகளை ஓர் அலகிலும், நற்பெயரை அடுத்த அலகிலும், கூட்டாளி சேர்ப்பை அதற்கடுத்த அலகிலும் வைத்திருக்கிறது. கற்பிக்க வசதியான பிரிவுதான். ஆனால் இந்த மூன்றும் ஒரே பொருள் என்பது இந்தப் பிரிவில் மறைந்துபோகிறது. நற்பெயருக்கான சரிக்கட்டல் என்பது இனி வரப்போகும் லாபத்தை இன்றே பிரித்துக் கணக்குத் தீர்ப்பது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதை ஒப்புக்கொண்டால், நற்பெயரை எந்த விகிதத்தில் பிரிப்பது, ஏட்டில் காட்டலாமா கூடாதா, எவ்வளவு என்று மதிப்பிடுவது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் லாபப் பகிர்வு விதியிலிருந்தே விடை கிடைக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால், பதிவுகள் அத்தனையும் சரியாக இருந்தும் ஒரு கூட்டாளி ஏமாந்துபோகலாம்.

பேசுவதற்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். அமுதாவும் பரிதியும் ஒரு பாத்திரக்கடையின் கூட்டாளிகள். அமுதாவின் மூலதனம் 12,00,000 ரூபாய், பரிதியின் மூலதனம் 8,00,000 ரூபாய், லாப விகிதம் 3:2. இருவருமே காலையிலிருந்து இரவு வரை கடையில் இருக்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டு லாபம் முறையே 7,60,000, 9,20,000, 8,80,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு லாபத்தில் ஒரு காலிமனையை விற்றதில் வந்த 80,000 சேர்ந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டில் மழைவெள்ளம் புகுந்ததைச் சரிசெய்ய 40,000 செலவாகியிருக்கிறது. காலிமனை வருடாவருடம் விற்கப்போவதில்லை, வெள்ளமும் வருடாவருடம் வரப்போவதில்லை என்று எடுத்துக்கொண்டு முதலாவதைக் கழித்து, இரண்டாவதைக் கூட்டினால் மூன்று ஆண்டுக்கும் 7,60,000, 8,40,000, 9,20,000. சராசரி 8,40,000 ரூபாய். சேரன் என்பவர் 5,00,000 மூலதனத்தோடு ஐந்தில் ஒரு பங்குக்குச் சேர்கிறார். அவர் பணம் மட்டும் போடுகிறவர், கடையில் உட்காரப்போவதில்லை.

முதலில் ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்பது எதில் ஒரு பங்கு என்று கேட்க வேண்டும். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இதற்குக் கொடுக்கும் விடை பலருக்கு வியப்பாக இருக்கும். ஒப்பாவணம் வாய்திறக்காத இடத்தில், பிரிவு 13இன்படி, தொழிலில் உழைப்பதற்காகக் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. லாபமும் நட்டமும் மூலதனம் எவ்வளவாக இருந்தாலும் சமமாகவே பிரியும். மூலதனத்துக்கு வட்டி உண்டு என்று ஒப்புக்கொண்டிருந்தாலும் அதை லாபத்திலிருந்துதான் கொடுக்க முடியும். மூலதனத்துக்கு மேல் ஒருவர் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 6% வட்டி. ஆக, ஒரே 8,40,000 ரூபாய் லாபம் ஓர் ஒப்பாவணத்தின் கீழ் முழுதாகப் பங்குபோடப்படலாம்; இன்னோர் ஒப்பாவணத்தின் கீழ் சம்பளமும் வட்டியும் போய் மிச்சம் மட்டும் பங்குபோடப்படலாம். லாபநட்டப் பகிர்வு கணக்கில் இது இரண்டு வரி வித்தியாசம்தான். ஆனால் சேரன் விலைகொடுத்து வாங்குவது எது என்பதை அந்த இரண்டு வரிகள்தாம் முடிவுசெய்கின்றன. இந்தக் கேள்விக்குப் பின்னால் திரும்பி வருவோம்.

நற்பெயரின் மதிப்புக்கு வருவோம். உயர் லாப முறை சொல்வது எளிமையானது. இதே அளவு பணத்தை இதே மாதிரியான தொழிலில் யார் போட்டிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடிய லாபத்துக்கு மேல் இந்தக் கடைக்கு எவ்வளவு கிடைக்கிறதோ, அதுதான் நற்பெயரின் விளைச்சல். சாதாரண லாப வீதம் 12% என்றால் 20,00,000 மூலதனத்துக்கு 2,40,000 ரூபாய். (கூட்டாளிகளுக்குத் தரும் வட்டியை 12% வரை செலவாக ஏற்றுக்கொள்ளும் வருமான வரி விதியால், ஒப்பாவணங்களில் இந்த எண் கையெழுத்து மாதிரி நிலைத்துவிட்டது.) இருவரின் உழைப்புக்கும் மாதம் 15,000 வீதம் கூலி வைத்தால் ஆண்டுக்கு 3,60,000. இரண்டையும் கழித்தால் உயர் லாபம் 2,40,000. மூன்று ஆண்டுக் கொள்முதல் என்று வைத்தால் நற்பெயர் 7,20,000 ரூபாய். உழைப்புக்கான கூலியைக் கழிக்காமல் விட்டால் உயர் லாபம் 6,00,000 ஆகிறது, நற்பெயரோ 18,00,000. ஒரே கடை, ஒரே ஏடு, இரண்டு மதிப்புகள். ஒன்று இன்னொன்றின் இரண்டரை மடங்கு. கூலியைக் கழிப்பதா வேண்டாமா என்பதைக் கேள்வித்தாள் ‘கூட்டாளிகளின் ஊதியம் இவ்வளவு’ என்ற ஒரு துணைவாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடும், சில சமயம் சொல்லாமலும் விட்டுவிடும். இப்போதைக்கு 7,20,000 என்றே கொள்வோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மூன்று ஆண்டுக் கொள்முதல் என்று யார் சொன்னது, ஏன் இரண்டு இல்லை, ஏன் ஐந்து இல்லை? தொடக்க எண்ணே மனம்போன போக்கில் வந்ததென்றால், அதை ஐந்தாகவும் பத்தாகவும் துல்லியமாகப் பிரிப்பதில் என்ன பயன்? மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அந்த எண்ணுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. 1810இல் கிரட்வெல் எதிர் லை என்ற ஆங்கில வழக்கில் எல்டன் பிரபு நற்பெயருக்குச் சொன்ன விளக்கம், பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வரக்கூடிய வாய்ப்பு என்பதுதான். கடை கைமாறிய பிறகு அந்த வரத்து எத்தனை ஆண்டு தாங்கும் என்ற மதிப்பீட்டின் சுருக்கமே கொள்முதல் ஆண்டுகள். கடைத்தெருவில் இடத்தால் ஓடும் பாத்திரக்கடைக்கு அது நீளும். ஒரு மருத்துவரின் முகத்துக்காக வரும் கூட்டத்துக்கு அது குறுகும். மூன்று என்பதில் பிழை இருக்கலாம். ஆனால் அந்தப் பிழை தொகையின் அளவை மட்டுமே மாற்றும். யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், என்ன விகிதத்தில் என்பதை மாற்றாது. மாணவர்களும் சிறுநிறுவனக் கணக்கர்களும் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

தவறு நடக்கும் இடம் இது. சேரனுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று மட்டும் சொல்லியிருந்தால், மீதி ஐந்தில் நான்கை அமுதாவும் பரிதியும் பழைய 3:2 விகிதத்திலேயே வைத்துக்கொள்வதாகப் பாடநூல் மரபு கொள்கிறது. அப்போது புதிய விகிதம் 12:8:5. அமுதா விட்டுக்கொடுப்பது 3/25, பரிதி விட்டுக்கொடுப்பது 2/25. தியாக விகிதம் 3:2, பழைய விகிதமும் 3:2. இந்த ஒற்றுமைதான் வினை. பத்துக் கணக்குகளில் இப்படியே வந்தால், நற்பெயரைப் பழைய விகிதத்தில் பிரிக்க வேண்டும் என்று கை பழகிவிடுகிறது. பதினோராவது கணக்கில் புதிய விகிதம் 2:2:1 என்று கொடுத்திருப்பார்கள். அதில் அமுதா 3/5இலிருந்து 2/5க்கு இறங்குகிறார். பரிதியின் பங்கு 2/5 ஆகவே இருக்கிறது, அவர் ஒரு பைசாகூட விட்டுக்கொடுக்கவில்லை. சேரன் கொண்டுவரும் 1,44,000 ரூபாயும் அமுதாவுக்கே போக வேண்டும். பழகிய கை 3:2 என்று பிரித்து 57,600 ரூபாயைப் பரிதிக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். பற்றும் வரவும் சமமாக இருக்கும், இருப்புநிலைக் குறிப்பும் கூடும். கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழை இது.

அடுத்தது இன்னும் கடினமான நிலை. அமுதா வயது காரணமாகப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறார், பரிதி முன்னுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய விகிதம் 3:5:2. அமுதா 6/10இலிருந்து 3/10க்கு வருகிறார், 3/10 தியாகம். பரிதி 4/10இலிருந்து 5/10க்கு ஏறுகிறார், 1/10 ஆதாயம். சேரனுக்கு 2/10. பழைய கூட்டாளியே ஆதாயம் பெறுவது பலருக்கு உறுத்தும். ‘பரிதி இங்கே ஏற்கெனவே இருப்பவர், கடையை வளர்த்தவர், அவர் எதற்கு நற்பெயருக்குப் பணம் கட்ட வேண்டும்?’ என்பார்கள். அவர் வளர்த்ததற்கான பங்கு அவருடைய 4/10இலேயே அடங்கிவிட்டது. இனிமேல் கூடுதலாக வாங்கும் 1/10 அமுதா வளர்த்தது. அந்த ஒரு பத்தில் பரிதியும் சேரனைப் போலவே புது ஆள்தான். எனவே 7,20,000இல் பத்தில் ஒன்றான 72,000 பரிதியும், பத்தில் இரண்டான 1,44,000 சேரனும் தர, அமுதாவுக்கு 2,16,000 சேர வேண்டும். ஏட்டில் இது இரண்டே பதிவு. வங்கிக் கணக்கில் 6,44,000 பற்று. அதற்கு எதிராகச் சேரன் மூலதனக் கணக்கில் 5,00,000, நற்பெயர்க் கணக்கில் 1,44,000 வரவு. பிறகு நற்பெயர்க் கணக்கில் 1,44,000, பரிதி மூலதனக் கணக்கில் 72,000 பற்று. அமுதா மூலதனக் கணக்கில் 2,16,000 வரவு. சேரன் ஏற்கெனவே 5,00,000 கொண்டுவருகிறாரே, இது இரட்டை வசூல் இல்லையா என்ற ஐயத்துக்கும் விடை இந்தப் பதிவிலேயே இருக்கிறது. 5,00,000 அவர் பெயரிலேயே நிற்கிறது, விலகும்போது திரும்ப வரும். 1,44,000 அவர் பெயரைத் தொடாமல் கடந்து போய்விடுகிறது.

இது சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பாடநூல்கள் இதைச் சொல்லிக்கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம். சேரன் சேர்ந்த மறுநாளே கடையின் நற்பெயரை யாரோ ஒருவர் 7,20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறார் என்று கொள்ளுங்கள். முந்தின நாள் விற்றிருந்தால் அமுதாவுக்கு 4,32,000, பரிதிக்கு 2,88,000, சேரனுக்கு ஒன்றுமில்லை. மறுநாள் விற்றால் புதிய விகிதத்தில் அமுதாவுக்கு 2,16,000. அதோடு நேற்று வந்த 2,16,000 சேர்த்து 4,32,000. பரிதிக்கு 3,60,000, நேற்றுக் கொடுத்த 72,000 போக 2,88,000. சேரனுக்கு 1,44,000, நேற்றுக் கொடுத்தது 1,44,000, மிச்சம் சுழி. ஓர் இரவில் யாரும் ஏழையாகவும் இல்லை, பணக்காரராகவும் இல்லை. 2:2:1 கணக்கில் பரிதிக்கு 57,600 கொடுத்த பிழையை இதே சோதனையில் போட்டால், ஒரே இரவில் அமுதாவிடமிருந்து அந்தத் தொகை கழன்று பரிதியிடம் போனது வெளிச்சமாகிவிடும். பொதுக்காப்பையும், சொத்து மறுமதிப்பீட்டு லாபத்தையும், ஏட்டில் ஏற்கெனவே நிற்கும் பழைய நற்பெயரையும் பழைய கூட்டாளிகளுக்கே பழைய விகிதத்தில் தீர்த்துவிட வேண்டும் என்ற விதிகளுக்கும் காரணம் இதே சோதனைதான். நேற்று வரை சேர்ந்தது நேற்று இருந்தவர்களுடையது.

ஏட்டில் நற்பெயரைச் சொத்தாக எழுதலாமா என்ற பழைய சண்டையும் இந்தக் கோணத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் முழு நற்பெயரையும் எழுப்பி, பழைய கூட்டாளிகளுக்குப் பழைய விகிதத்தில் வரவு வைத்து, அப்படியே சொத்தாக நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கணக்கியல் தரநிலை 26, தொழில் தானே வளர்த்த நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது. அதனால் இன்று எழுப்பினால் உடனே புதிய விகிதத்தில் போக்கெழுதச் சொல்கிறார்கள். எழுப்பி அழிப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அமுதாவுக்கு வரவு 4,32,000, பற்று 2,16,000. பரிதிக்கு வரவு 2,88,000, பற்று 3,60,000. சேரனுக்குப் பற்று மட்டும் 1,44,000. நிகர விளைவு மேலே கண்ட பதிவேதான். அழிக்காமல் சொத்தாகவே நிறுத்தி, பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் போக்கெழுதினாலும், அதுவும் புதிய விகிதத்தில் பிரியும் என்பதால் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வந்துசேரும். இடைப்பட்ட காலத்துக்கு மூலதன வட்டி கொடுத்தாலும் நிலை மாறாது. 7,20,000க்கு 12% வட்டியாகிய 86,400 அமுதாவுக்கும் பரிதிக்கும் வரவாகிப் பகிரக்கூடிய லாபத்தைக் குறைக்கும். அதில் சேரன் சுமப்பது ஐந்தில் ஒன்று, 17,280. 1,44,000க்கு 12% கணக்கிட்டாலும் அதே 17,280தான். ஆக முறைகளுக்குள் நியாய வித்தியாசம் இல்லை, வேகத்தில்தான் வித்தியாசம்.

பிறகு தரநிலை ஏன் தடுக்கிறது? கூட்டாளிகளுக்குள் ஒப்புக்கொண்ட விலை வெளியாருக்குச் சொத்து மதிப்பாகத் தெரியக் கூடாது என்பதற்காக. கடன் கொடுக்கும் வங்கி இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்து 7,20,000 ரூபாய்க்குச் சொத்து இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. சட்டத்தின் பார்வையில் நற்பெயர் சொத்து இல்லை என்று இதற்குப் பொருளாகாது. கூட்டாண்மைச் சட்டத்தின் பிரிவு 14, நிறுவனத்தின் சொத்தில் நற்பெயரையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சொத்துக்கு விலை உண்டு, அடக்கவிலை கிடையாது. அகர்பத்தி தயாரித்துவந்த ஒரு கூட்டாண்மை 1965 இறுதியில் கலைக்கப்பட்டபோது 1,50,000 ரூபாய் நற்பெயருக்கு மூலதன ஆதாய வரி கேட்டார்கள். பி.சி. சீனிவாச செட்டி வழக்கில் 1981இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், தொழிலில் தானாக விளைந்த நற்பெயருக்கு வாங்கிய விலை என ஒன்றைக் கண்டுபிடிக்கவே முடியாது, எனவே ஆதாயத்தைக் கணக்கிட வழியில்லை என்று முடித்தது. பின்னர் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அடக்கவிலையைச் சுழி என்று எழுதிவைத்தது வேறு கதை. அடக்கம் இல்லாத பொருளை ஏட்டில் என்ன மதிப்புக்கு எழுதுவது என்று கணக்கர் தவிப்பதும், வரி அதிகாரி தவித்ததும் ஒரே தவிப்புதான். கூட்டாளிகளுக்கு அந்தத் தவிப்பு தேவையில்லை. அவர்கள் அடக்கத்தைத் தேடவில்லை, வரப்போகும் லாபத்தில் கைமாறும் துண்டுக்கு விலை பேசுகிறார்கள்.

நற்பெயரை யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்கும் ஒரு கணக்கும் உண்டு. மறைந்துள்ள நற்பெயர் என்பார்கள். சேரன் ஐந்தில் ஒரு பங்குக்கு 7,00,000 கொண்டுவருகிறார், நற்பெயர் பற்றிப் பேச்சே இல்லை என்று வையுங்கள். ஐந்தில் ஒன்று 7,00,000 என்றால் முழுதும் 35,00,000. மூவரின் உண்மையான மூலதனம் 12, 8, 7 லட்சம், மொத்தம் 27,00,000. வித்தியாசம் 8,00,000 மறைந்துள்ள நற்பெயர்; அதில் சேரன் பங்கு 1,60,000. கேட்கச் சாதுரியமாக இருக்கிறது. ஆனால் 27,00,000இல் ஐந்தில் ஒன்று 5,40,000, சேரன் கொண்டுவந்ததில் அதற்கு மேலிருப்பது அதே 1,60,000 என்று பார்த்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும். அந்தக் கணக்கு கண்டுபிடித்தது லாப விகிதத்துக்கு மேல் சேரன் போட்ட கூடுதல் மூலதனத்தைத்தான். அவர் ஏன் கூடுதலாகப் போட்டார் என்பது அதற்குத் தெரியாது. நற்பெயருக்காகப் போட்டிருக்கலாம், ஒப்பாவணத்தில் 12% வட்டி இருப்பதைப் பார்த்து, வங்கியில் போடுவதைவிட மேல் என்றும் போட்டிருக்கலாம். இரண்டாவது காரணமென்றால் அவர் பணத்தில் 1,60,000 ரூபாயை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்தது அநியாயம். லாபம் எப்படிப் பிரிகிறது என்று தெரியாமல் நற்பெயரைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

இனி ஒத்திவைத்த கேள்விக்கு வரலாம். 3:5:2 என்ற கணக்கில் 7,20,000 நற்பெயருக்குச் சரிக்கட்டல் முடிந்துவிட்டது. சேரன் தந்ததை அமுதா கையோடு எடுத்துக்கொண்டார், பரிதி தர வேண்டியதைத் தனியாகக் கொடுத்துவிட்டார், எனவே மூலதனங்கள் 12, 8, 5 லட்சமாகவே நிற்கின்றன. சேரனின் புதிய பணமும் 12% சம்பாதித்து, அடுத்த ஆண்டு லாபம் 9,00,000 என்று கொள்வோம். ஒப்பாவணத்தில் அமுதாவுக்கும் பரிதிக்கும் ஆளுக்கு 1,80,000 சம்பளம், மூலதனத்துக்கு 12% வட்டி என்று எழுதியிருந்தால், சம்பளம் 3,60,000, வட்டி 3,00,000 போக மிச்சம் 2,40,000 பிரியும். அமுதாவுக்குச் சம்பளம் 1,80,000, வட்டி 1,44,000, லாபம் 72,000, ஆக 3,96,000. பரிதிக்குச் சம்பளம் 1,80,000, வட்டி 96,000, லாபம் 1,20,000, அவருக்கும் 3,96,000. சேரனுக்கு வட்டி 60,000, லாபம் 48,000, ஆக 1,08,000. சேரன் நற்பெயருக்குக் கொடுத்த 1,44,000 என்பது இந்த 48,000 ரூபாயின் மூன்று ஆண்டு விலை. எல்லாம் பொருந்துகிறது.

இப்போது ஒப்பாவணத்தில் சம்பளமும் வட்டியும் இல்லை, விகிதம் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 9,00,000 முழுதும் 3:5:2இல் பிரியும். அமுதாவுக்கு 2,70,000, பரிதிக்கு 4,50,000, சேரனுக்கு 1,80,000. நற்பெயர்ப் பதிவுகள் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அமுதா ஆண்டுக்கு 1,26,000 குறைவாக வாங்குகிறார். சரிக்கட்டலில் அவருக்குக் கிடைத்த 2,16,000 இரண்டு ஆண்டுக்குள் கரைந்துவிடுகிறது. கடைக்கே வராத சேரன் ஆண்டுக்கு 72,000 கூடுதலாகப் பெறுகிறார். கொடுத்த நற்பெயர் முழுதும் சரியாக இரண்டு ஆண்டில் இந்தக் கூடுதலிலிருந்தே திரும்பிவிடும். காரணம் வெளிப்படை. மதிப்பீட்டில் உழைப்பின் கூலியைக் கழித்துவிட்டு விலை வைத்தார்கள், பகிர்வில் அந்தக் கூலியையும் சேர்த்துப் பங்குபோட்டார்கள். சேரன் மிச்சத்துக்கு விலை கொடுத்து முழுதையும் வாங்கிவிட்டார். இந்த ஒப்பாவணத்தின் கீழ் சேரன் விஷயத்தில் சரியான மதிப்பு முன்பு ஒதுக்கிவைத்த 18,00,000தான். ஐந்தில் ஒன்று 3,60,000. அவருக்குக் கிடைக்கும் 1,80,000இல் மூலதனத்தின் வருவாய் 60,000 போக 1,20,000, அதன் மூன்று ஆண்டு விலை அதே 3,60,000. மூலதனத்திலும் லாபத்திலும் அவர் பங்கு ஐந்தில் ஒன்றாகவே இருப்பதால் இவ்வளவு சுத்தமாக ஒத்துவருகிறது. அமுதாவுக்கு இதுவும் போதாது. மூலதனத்தில் பாதியளவு அவருடையது, லாபத்தில் பத்தில் மூன்றுதான் அவருக்கு. வட்டி இல்லாத ஒப்பாவணத்தில் அந்த இடைவெளிக்குத் தனியாக விலை பேச வேண்டும், அதை எந்த நற்பெயர்ச் சூத்திரமும் பிடிக்காது.

பதிவு எழுதப் பழக்குவதற்குக் கொடுக்கும் கணக்கில் இவ்வளவு சுமையை ஏற்ற வேண்டுமா என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். கேட்கிறவரின் சிரமம் புரிகிறது. ஒரு பாடவேளையில் தியாக விகிதத்தைப் புரியவைப்பதே பெரும்பாடு. ஆனால் இங்கே ஏற்றப்படுவது புதிய சூத்திரம் எதுவுமில்லை. நற்பெயரின் மதிப்பை வானத்திலிருந்து கொடுக்காமல், சராசரி லாபத்தையும் ஒப்பாவணத்தின் இரண்டு வரிகளையும் கொடுத்தால் போதும். ‘அமுதா, பரிதி ஆகியோருக்குச் சம்பளமோ மூலதன வட்டியோ இல்லை’ என்ற வரியோடு ஒரு கேள்வி, அந்த வரியை மாற்றி அடுத்த கேள்வி. முதலாவதில் சேரன் கொண்டுவர வேண்டியது 3,60,000, இரண்டாவதில் 1,44,000. கீழே எழுதும் பதிவுகள் இரண்டிலும் ஒரே வடிவம்தான், தொகைகள் மட்டும் வேறு. எதற்காக வேறு என்று கேட்டு இரண்டு மதிப்பெண் வைக்கலாம்.